சட்டிக்குத் திரும்பும் சாக்லேட்: ஊட்டிப் பட்டறை ஒன்றின் ரீவொர்க் கணக்கு

"எங்க பட்டறைல எதுவும் வீணாப் போகாதுங்க. சரியா வரலைன்னா உருக்கி மறுபடி ஊத்திடுவோம்." ஊட்டியில் சாக்லேட் செய்யும் யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இந்தப் பதில்தான் வரும். பதில் பொய்யில்லை. ஆனால் கணக்கு கெடுவதும் இங்கேதான். மரப்பட்டறையில் தப்பாக அறுத்த பலகை மூலையில் கிடந்து கண்ணை உறுத்தும். சாக்லேட்டில் கெட்ட பார் பத்து நிமிடத்தில் சட்டிக்குள் கரைந்துவிடும், தப்பு நடந்த தடயமும் அதோடு கரையும். தூக்கிப் போட்டதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கெட்டுப் போவதில் பெரும் பகுதி கணக்கிலேயே வராது.

கீழே இருப்பது மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றின் குளிர்கால வாரக் கணக்கு. எளிதாகப் பின்தொடர எண்கள் முழுமையாக்கித் தரப்பட்டுள்ளன. அங்கே செய்வது கோகோ வெண்ணெய் உள்ள பியூர் டார்க் சாக்லேட், 50 கிராம் பார். பாலிகார்பனேட் மோல்டுகள் 50, ஒவ்வொன்றிலும் நான்கு குழி. ஆக, ஒரு பேட்ச் என்பது 200 பார். வாரம் மூன்று நாள் ஊற்றுகிறார்கள், நாளுக்குக் காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். வாரத்துக்கு 1200 பார். டெம்பரிங் என்பது உருக்கிய சாக்லேட்டைச் சரியான சூட்டுக்கு இறக்கி உறுதியான படிகம் உருவாக வைப்பது. கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு அது தேவையில்லை என்பதால் அதன் குறைகள் வேறு மாதிரி இருக்கும். இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல.

தராசும் மூன்று டப்பாவும்

கணக்கு எடுக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். மோல்டைத் தட்டிப் பாரை எடுக்கும் மேசையில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, மூன்று மூடி போட்ட டப்பாக்கள், சுவரில் அட்டையோடு மாட்டிய ஒரு A4 தாள். முதல் டப்பா சாதா பாரின் ரீவொர்க்குக்கு, அதாவது மறுபடி உருக்கி ஊற்ற வேண்டியதற்கு. இரண்டாவது முந்திரி, பாதாம் போட்டவற்றின் ரீவொர்க்குக்கு. மூன்றாவது ரிஜெக்ட். முதல் இரண்டும் எந்நாளும் கலக்கக் கூடாது. பருப்பு பட்ட சாக்லேட் சாதா பாருக்குள் போனால், பருப்பு ஒவ்வாதவர் லேபிளை நம்பி வாங்கிச் சாப்பிட்டு ஆபத்தில் மாட்டுவார். காம்பவுண்டும் செய்கிற பட்டறை என்றால் அதற்கு நான்காவது டப்பா வேண்டும். காம்பவுண்டில் இருக்கும் பாம் கர்னல் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் கலந்தாலும் பார் மென்மையாகி, நாளாக ஆக வெள்ளை பூத்துவிடும். பிறகு எவ்வளவு கவனமாக டெம்பர் செய்தாலும் அந்தச் சட்டி சரியாக வராது.

விதி ஒன்றே ஒன்று: தராசைத் தாண்டாமல் எதுவும் சட்டிக்குப் போகக் கூடாது. தாளில் பேட்ச் எண், காலையா மதியமா, ஊற்றிய கிலோ, அதில் பழைய சாக்லேட் எவ்வளவு, அறையின் வெப்பமும் ஈரப்பதமும், அதன் கீழே குறைவாரியாகக் கோடுகள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது போதும். மோல்டு எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதற்காக ஒவ்வொரு மோல்டின் விளிம்பிலும் எண் பொறித்துவிட வேண்டும், பேனாவில் எழுதினால் கழுவும்போது போய்விடும். செய்தவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. பெயர் எழுதச் சொன்ன மறுநாளே கெட்ட பார்கள் தராசுக்கு வராமல் நேரே சட்டிக்குப் போகத் தொடங்கும், தாள் மட்டும் அழகாக இருக்கும்.

எது கெட்டது என்பதில் மூன்று பேருக்கும் ஒரே பார்வை இருக்க வேண்டும். மாதிரி பாரை வைத்துக் காட்டலாம் என்றால் அந்த மாதிரியே சில வாரத்தில் பூத்துப் போகும். அதனால் புகைப்படம் எடுத்து லேமினேட் செய்து மாட்டுவது நல்லது: இந்த அளவு மங்கல் போகலாம், இது போகாது. குமிழி 2 மி.மீ.-க்கு மேல் இருந்தால் ரீவொர்க். டியூப்லைட் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாரைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மங்கல் தெரியாது.

அந்த வாரத் தாள்

ஊற்றியது 64 கிலோ. வந்தது 1200 பார். கீழே விழுந்து ரிஜெக்ட் ஆனவை 9. மறுபடி உருக்க வேண்டியவை 168. முதல் தடவையிலேயே சரியாக வந்து பேக்கிங்குக்குப் போனவை 1023, அதாவது 85 சதவீதம்.

இதுபோக, தண்ணீர் பட்டுத் திரிந்து களி மாதிரி ஆன 750 கிராமும் ரிஜெக்டில் சேரும். விழுந்த 9 பார் 450 கிராம். மொத்த ரிஜெக்ட் 1.2 கிலோ. ஊற்றியதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. "ஒன்றும் வீணாகாது" என்று சொல்ல வைப்பது இந்த எண்தான். ஆனால் ரீவொர்க் 168 பார் என்பது எட்டரைக் கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு முழு பேட்ச். ஆறு பேட்ச் ஊற்றியதில் ஒரு பேட்ச் அளவு உழைப்பு ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்யவே போகிறது. பொருள் மீள்கிறது. உருக்கிய மின்சாரம், டெம்பர் செய்த நேரம், மோல்டு அடைபட்டுக் கிடந்த நேரம், பிரித்துப் போட்ட ஃபாயில் எதுவும் மீள்வதில்லை. ஆகவே கவனிக்க வேண்டிய எண் ரிஜெக்ட் சதவீதம் அல்ல, முதல் தடவையில் தேறிய சதவீதம்.

இதைக் கணக்கிடும்போது ஒரு வழுக்கல் உண்டு. போன வாரத்து ரீவொர்க் இந்த வாரச் சட்டியில் சேர்ந்திருக்கும். அதைப் புதுச் சரக்குப் போலவே எண்ண வேண்டும். அந்த பார் இரண்டாவது முறையும் கெட்டால் இரண்டாவது முறையும் கோடு விழ வேண்டும். "இது ஏற்கெனவே எழுதியதுதானே" என்று விட்டால் எண் பொய்யாக அழகாகிவிடும்.

எடைக் கணக்கையும் ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். 1200 பார் ஐம்பது கிராம் வீதம் 60 கிலோ. ஊற்றியதோ 64. திரிந்தது 750 கிராம், சட்டியிலும் கரண்டியிலும் ஒட்டிச் சுரண்டியது 850 கிராம் என்றால் மிச்சம் 2.4 கிலோ எங்கே? பாருக்குள்ளேயேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரி 52 கிராம். குழியின் கொள்ளளவு மாறாது. ஆனால் சாக்லேட் கெட்டியாக இருக்கும்போது ஸ்கிரேப்பரைச் சாய்த்து இழுத்தால் முதுகில் மேடு தங்கிவிடும். இது எந்தக் குறைக் கட்டத்திலும் வராது, பார் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் மொத்த ரிஜெக்டைப் போல இரண்டு மடங்கு சாக்லேட் இப்படி இலவசமாகப் போகிறது. பேட்சுக்குப் பத்து பாரை எடுத்து நிறுத்தால் போதும், இது பிடிபட்டுவிடும்.

குறைவாரியாக

அந்த 168-ல் மங்கலும் வெள்ளைக் கோடும் 61. மோல்டில் ஒட்டியது, மூலை உடைந்தது 52. குமிழி 24. ஈரத்தால் வெள்ளையாகப் படியும் சர்க்கரைப் பூ 19. எடைக் குறைவு 12.

பட்டியலைப் பார்த்ததும் "டெம்பரிங் சரியில்லை" என்று முடிவு கட்டத் தோன்றும். அதற்கு முன் காலை, மதியம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காலையின் மூன்று பேட்சிலும் சேர்த்து 93, மதியம் 75. இந்த வித்தியாசம் பெரிதில்லை. 200 பாரில் சராசரி 28 கெடுகிறது என்றால், ஒரு காரணமும் இல்லாமலே எண் மேலும் கீழும் ஆடும். √(200 × 0.14 × 0.86) ஏறக்குறைய 4.9, அதன் மூன்று மடங்கு 15. ஆக ஒரு பேட்சில் 13 முதல் 43 வரை எது வந்தாலும் அந்த ஒரு எண்ணை வைத்துக் கூச்சல் போட வேண்டியதில்லை. இந்தச் சூத்திரத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. ஒவ்வொரு பாரும் தனித்தனியாகக் கெடுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. சாக்லேட்டில் டெம்பர் தவறினால் சட்டி முழுக்கத் தவறும். அதனால் 43-ஐத் தாண்டிய பேட்ச் எப்போதாவது வரத்தான் செய்யும். வந்தால் அந்தச் சட்டியின் வெப்பக் குறிப்பை முதலில் பார்க்க வேண்டும்.

மொத்தம் சொல்லாததைக் குறைவாரிக் கணக்கு சொல்கிறது. 61 மங்கலில் 44 காலையில் வந்தவை. 52 உடைவில் 31 காலையில். சர்க்கரைப் பூ 19-ம் மதியம் மட்டும். காலைக்கும் மதியத்துக்கும் சட்டியும் கையும் சரக்கும் ஒன்றே. மாறுவது அறையும் மோல்டும்.

குளிர் செய்யும் வேலை

ஊட்டி குளிர் சாக்லேட்டுக்கு ஏற்றது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைத்து விற்க நல்லதுதான், ஊற்றுவதற்கு அல்ல. டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, டெம்பர் ஆன சாக்லேட் துண்டுகளை அதில் நாலில் ஒரு பங்கு போட்டுக் கலக்கி, 31-32 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுகிறோம். ராத்திரி முழுக்க அலமாரியில் கிடந்த மோல்டு ஜனவரிக் காலையில் 11, 12 டிகிரியில் இருக்கும். அதில் பட்ட மேல் தோல் சட்டென்று இறுகிவிடுகிறது. நிதானமாக உருவாக வேண்டிய உறுதியான படிகத்துக்குப் பதில் நிலையில்லாத படிகம் உருவாகிறது, முகம் மங்குகிறது. நன்றாக டெம்பர் ஆன சாக்லேட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கித் தானாகவே மோல்டை விட்டு விலகும். இது விலகாது. விலகாததை ஓங்கித் தட்டுவார்கள், மூலை உடையும். தாளில் மங்கல், உடைவு என்று இரண்டு கட்டத்தில் விழுந்தாலும் நோய் ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்வது கத்திச் சோதனை. கத்தி நுனியை முக்கி வைத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கோடில்லாமல் பளபளப்பாக இறுக வேண்டும் என்பது வழக்கம். அது 20 டிகிரி அறைக்கான அளவு. 12 டிகிரி அறையில் டெம்பரே ஆகாத சாக்லேட்டும் கத்தியில் இறுகிக் காட்டும். "கத்தியில் நல்லாத்தானே இருந்தது" என்று எல்லோரும் சொல்வார்கள், மறுநாள் பாரில் கோடு தெரியும்.

தெர்மாமீட்டரையும் சந்தேகப்பட வேண்டும், ஒரு டிகிரி தவறினால்கூட இங்கே பிழை. கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று சரிபார்ப்பது மலையில் உதவாது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், தண்ணீர் அங்கே 92-93 டிகிரியிலேயே கொதிக்கும். அதைப் பார்த்து நல்ல தெர்மாமீட்டரைத் திருகிக் கெடுத்துவிடக் கூடாது. நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கரைசலில் 0 காட்ட வேண்டும். பிறகு 37 டிகிரி அளவிலான வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்து ஒப்பிட வேண்டும். வேலை நடக்கும் 31 டிகிரி இந்த இரண்டுக்கும் நடுவே வருவதால் இந்தச் சோதனை போதும்.

திருத்தம் இரண்டு. ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரூம் ஹீட்டரைப் போட்டு அறையை 18 முதல் 20 டிகிரிக்குக் கொண்டுவருவது. அந்த நேரம் முழுக்க மோல்டுகளை மூடிய பிளைவுட் அலமாரியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு 25 முதல் 27 டிகிரியில் வைத்திருப்பது. மோல்டு பல்பைத் தொடாமல் நடுவில் ஒரு தகடு வேண்டும். ஊற்றும் சாக்லேட்டின் 32 டிகிரியைத் தாண்டவிட்டால் எதிர்ப்பக்கம் கெடும்: மோல்டைத் தொடும் சாக்லேட்டில் இருக்கும் நல்ல படிகமும் உருகி மறுபடி கோடு விழும். ஸ்கிரேப்பர், சரக்கு, மோல்டு கழுவும் முறை எதையும் அந்த வாரம் மாற்றக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தாள் சொல்லாது.

அடுத்த வாரத் தாளில் காலை மங்கல் 44-லிருந்து 9, காலை உடைவு 31-லிருந்து 10. மற்றவை அப்படியே. முதல் தடவை தேறியது 1079, ஏறக்குறைய 90 சதவீதம். மொத்த எண் ஒரு வாரத்தில் தானாகவும் ஆடலாம். ஆனால் திருத்தம் குறிவைத்த கட்டங்கள் மட்டும் இறங்கி மற்றவை அசையாமல் இருப்பது தற்செயல் அல்ல.

மிச்சம் இருந்தவை

உடைவில் 14 பார் 7, 11 ஆகிய இரண்டு மோல்டிலிருந்து மட்டும் வந்திருந்தது. அந்த வாரம் இரண்டிலும் சேர்த்து 48 பார்தான் ஊற்றப்பட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குழிக்குள் நுண்ணிய கீறல்கள். பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்துக் கழுவியதன் விளைவு இது. கீறலுக்குள் சாக்லேட் பிடித்துக்கொள்ளும், சீர்படுத்த வழியில்லை. அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வெந்நீரில் ஊறவைத்து, பஞ்சால் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். சட்டி திரியாமல் இருக்கவும் இந்த உலர்த்தல்தான் உதவும்.

சர்க்கரைப் பூ வேறு கதை. மங்கலோடு குழப்பிக்கொள்ள எளிது, ஆனால் தாளில் தவறான கட்டத்தில் விழுந்தால் திருத்தமும் தவறும். விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மங்கலாகத் தெரியும் கொழுப்புப் பூ விரல் சூட்டில் மறையும். சர்க்கரைப் பூ மறையாது, சொரசொரவென்று இருக்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் கொழுப்புப் பூவின் மேல் முத்தாக நிற்கும், சர்க்கரைப் பூவின் மேல் பரவும். மதிய பேட்சை மாலை ஆர்டருக்காக அவசரமாக ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்ததுதான் காரணம். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 15 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே பனி படியத் தொடங்கும். 8 டிகிரியில் வெளியே வரும் பார் உடனே வேர்க்கும். வேர்வையில் சர்க்கரை கரையும், உலர்ந்ததும் வெள்ளைப் படிவாகத் தங்கும். ஈரப்பதம் 60-க்கு இறங்கினால் அதே அறையில் பனிப்புள்ளி 10 டிகிரிதான். தாளில் ஈரப்பதக் கட்டம் இருப்பது இதற்காகத்தான். குளிர்காலத்தில் 19 பாரோடு நிற்பது, ஜூன், ஜூலை மழையில் அறையைக் கவனிக்காவிட்டால் பட்டியலின் உச்சிக்கு ஏறிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதை மூடிய டப்பாவோடு எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

கொழுப்புப் பூ சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், அன்றைய தாளில் அது வராது. அதற்காக பேட்சுக்கு இரண்டு பாரை ஒதுக்கி வைத்து ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் பார்த்து, ஊற்றிய நாளின் தாளிலேயே குறிக்க வேண்டும். கடையிலிருந்து திரும்பி வருவதையும் லேபிளில் உள்ள பேட்ச் எண்ணைப் பார்த்து அதன் பழைய தாளில்தான் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டாம்: சுற்றுலா வந்தவர் வாங்கி, காரில் கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வெயிலில் இறக்கியது. அது உருகி வடிவம் குலைந்து, ஃபாயிலின் சுருக்கம் பதிந்து இறுகியிருக்கும். பட்டறையில் பூத்த பாரில் வடிவம் குலையாது.

ரீவொர்க் டப்பாவுக்கும் ஓர் உச்ச வரம்பு வேண்டும். புதுச் சரக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பழையதைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், வாரம் ஆறரைக் கிலோவுக்கு மேல் ரீவொர்க் வந்தால் டப்பா நிரம்பத் தொடங்கும். சர்க்கரைப் பூ விழுந்த பாரை நேராக பார் சட்டியில் போடக் கூடாது. அதில் ஈரம் இருந்திருக்கும், சாக்லேட் தடித்துக் குமிழி கூடும். அதை கிரீம் சேர்த்த டிரஃபிள் பூரணத்துக்குத் தள்ளிவிடலாம், அங்கே ஈரம் தடையில்லை. சட்டியில் திரிந்த சாக்லேட்டும் தரையில் படாமல் சுத்தமாக இருந்தால் அதற்கும் அதே வழிதான். டப்பாவில் தேதிச் சீட்டு ஒட்டி, பழையது முதலில் போகும்படி எடுக்க வேண்டும். இந்தப் பட்டறையின் இரண்டாம் வாரத்தில் ரீவொர்க் 112 பார், அதாவது ஐந்தே முக்கால் கிலோ. டப்பா நிரம்புவது நின்றிருக்கிறது. அடுத்து கை வைக்க வேண்டியது ஸ்கிரேப்பரில்.